கேள்வித்தாளோடு தெருவில் இறங்கும் முன்: இரட்டைக் கேள்வியையும் வழிநடத்தும் கேள்வியையும் கண்டுபிடித்துத் திருத்தும் வழி

முதுகலை ப்ராஜெக்ட்டுக்காகவோ ஆய்வு முறைகள் பாடத்துக்காகவோ முதல்முறை சர்வே எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டுத் தண்ணீர் பற்றிய ஒரு சர்வேக்காக நான் நிறைய அலைந்திருக்கிறேன். மாதிரி அளவை எப்படிக் கணக்கிடுவது, எந்த மென்பொருளில் அட்டவணை போடுவது என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எழுதிய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து காட்டுவதில்லை. தெருவில் படும் சிரமத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டே கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பற்றிய மாணவர் சர்வேக்களில் இந்த மாதிரிக் கேள்விகளை ஏதாவது ஒரு வடிவத்தில் பார்க்கலாம்.

அ. மெட்ரோ வாட்டர் சுத்தமாகவும் போதுமான அளவிலும் வருகிறதா? (ஆம் / இல்லை)

ஆ. கழிவுநீர் கலந்து வரும் குடிநீரால் உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது?

மெட்ரோ வாட்டர் என்பது சென்னைக் குடிநீர் வாரியம் தரும் தண்ணீர். முதலாவது இரட்டைக் கேள்வி, இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டு ஒரே பதிலை எதிர்பார்க்கிறது. இரண்டாவது வழிநடத்தும் கேள்வி, பதிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. கடைசி வரை இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே போவோம்.

1. கேள்வியைத் திருத்த நாள் ஒதுக்குங்கள், அதுவும் அனுமதிக்கு முன்

பெரும்பாலானவர்கள் கேள்வித்தாளை எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்கி, கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பிவிட்டு, அனுமதி வந்த பிறகுதான் யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறார்கள். அப்போதுதான் கேள்வி உடைகிறது. ஆனால் கமிட்டி அனுமதி தந்தது நீங்கள் கொடுத்த அந்த வடிவத்துக்கு. கேள்வியை மாற்றினால் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று திருத்த விண்ணப்பம் எழுதி மறுபடி காத்திருக்க வேண்டும். கமிட்டி எப்போதாவதுதான் கூடும் கல்லூரி என்றால் அந்தக் காத்திருப்பிலேயே செமஸ்டர் ஓடிவிடும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். கீழே 2 முதல் 6 வரை சொல்லும் வேலையெல்லாம் மேசையிலேயே முடிகிறது. யார் அனுமதியும் வேண்டாம். அதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டுத்தான் தாளைக் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டும். பொதுமக்களிடம் கேட்டுப் பார்க்கும் வெள்ளோட்டத்துக்கும் அனுமதி தேவைப்படும் என்பதால் அதையும் அதே விண்ணப்பத்தில் தனிக்கட்டமாகக் காட்டுங்கள். "வெள்ளோட்டத்துக்குப் பிறகு சொற்கள் மாறலாம், மாறிய வடிவத்தைக் கமிட்டிக்குத் தெரிவிப்போம்" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பின்னால் பேசுவது எளிது.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை பொதுவாக இவை: ஆய்வுச் சுருக்கம், தமிழ்க் கேள்வித்தாள், மக்களுக்குப் படித்துக்காட்டும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், கைடின் கடிதம். ஆங்கிலக் கேள்வித்தாளை மட்டும் கொடுத்துவிட்டுத் "தமிழில் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். நீங்கள் தெருவில் கேட்கப்போவது தமிழ்க் கேள்வியை. பழுதும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

2. நான்கு வீடுகளை மனதில் நிறுத்துங்கள்

இரட்டைக் கேள்வியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. கேள்வி எந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறது என்று பார்த்து, நான்கு வீடுகளைக் கற்பனை செய்யுங்கள்.

கேள்வி 'அ'வில் சுத்தம் ஒன்று, அளவு இன்னொன்று. முதல் வீட்டில் தண்ணீர் தெளிவாக வருகிறது, போதுமானதாகவும் வருகிறது. அவர்கள் 'ஆம்' என்பார்கள், சிக்கல் இல்லை. நான்காவது வீட்டில் கலங்கலாக வருகிறது, அதுவும் நாலு குடத்தோடு நின்றுவிடுகிறது. அவர்கள் 'இல்லை' என்பார்கள்.

நடுவில் இருக்கும் இரண்டு வீடுகள்தான் சோதனை. இரண்டாவது வீட்டில் தண்ணீர் தெளிவு, ஆனால் அளவு பத்தவில்லை. மூன்றாவது வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஆனால் நாற்றம். இந்த இரு வீட்டாரும் எதை டிக் செய்வார்கள்? ஒருவர் தனக்கு எது பெரிதாகப் படுகிறதோ அதற்குப் பதில் சொல்வார். இன்னொருவர் பாதி சரிதானே என்று 'ஆம்' சொல்லிவிடுவார். மூன்றாமவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நடு வீடுகளுக்கு ஒரே ஒரு நேர்மையான பதில் இல்லையென்றால் கேள்வி உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதனால் என்ன நட்டம் என்பதை ஒரு கணக்காகப் பாருங்கள். உங்கள் 100 வீடுகளில் 60 வீடு 'இல்லை' என்று வைத்துக்கொள்வோம். அந்த 60-இல் எத்தனை வீடு சுத்தத்துக்காகச் சொன்னது, எத்தனை வீடு அளவுக்காகச் சொன்னது? தெரியாது. கலங்கல் என்றால் குழாயைச் சரிசெய்ய வேண்டும். அளவு பத்தவில்லை என்றால் விநியோக நேரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. 60 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் நீங்கள் சொல்ல முடியாது. தரவு சேர்த்த பிறகு எந்த மென்பொருளாலும் அந்த 60-ஐப் பிரித்துத் தரவும் முடியாது.

ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக ஐந்து நிலை அளவுகோல் வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் பழுது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். நடு வீட்டார் எல்லாரும் 'ஓரளவு' என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நீங்களும் "பெரும்பாலோர் ஓரளவு திருப்தி" என்று அறிக்கையில் எழுதுவீர்கள். அப்படி ஒரு மனநிலை அந்தத் தெருவில் யாருக்குமே இருந்திருக்காது.

3. 'உம்' எங்கே இருக்கிறது என்று வட்டமிடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

தாளை எடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு 'உம்', 'மற்றும்', 'அல்லது' ஆகியவற்றை வட்டமிடுங்கள். 'எப்போதும்', 'ஒவ்வொரு நாளும்' போன்றவற்றில் வரும் 'உம்' சிக்கல் இல்லாதது, விட்டுவிடலாம். மற்ற ஒவ்வொன்றுக்கும் நான்கு வீட்டுச் சோதனை போடுங்கள்.

'உம்' இல்லாமலே இரட்டையாக இருக்கும் கேள்விகள்தான் ஏமாற்றுபவை. தமிழில் அவை மூன்று இடத்தில் ஒளிந்துகொள்ளும்.

வினையெச்சம் ஒன்று. "தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா?" என்ற கேள்வியில் குழாய்த் தண்ணீரைக் குடிப்பது ஒன்று, காய்ச்சுவது இன்னொன்று. கேன் வாங்கிக் குடிப்பவர் 'இல்லை' என்பார். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பவரும் 'இல்லை' என்பார். நோய் அபாயத்தில் இரு வீடுகளும் எதிரெதிர் முனையில் இருக்க, உங்கள் அட்டவணையில் ஒரே பெட்டியில் இருப்பார்கள்.

'ஆல்', 'என்பதால்' என்று காரணம் சொல்லும் ஒட்டுகள் இன்னொன்று. "விலை அதிகம் என்பதால் கேன் வாங்குவதில்லையா?" என்று கேட்டால் வாங்குவதில்லை என்பதும் அதற்கான காரணமும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். மாடிப்படியில் தூக்கிவர ஆள் இல்லாமல் வாங்காதவருக்கு இதில் இடமே இல்லை.

மூன்றாவது, ஒற்றைச் சொல்லாகத் தெரியும் கூட்டுச் சொல். 'மெட்ரோ வாட்டர்' என்பதே அப்படித்தான். வடசென்னையில் ஒருவருக்கு அது வீட்டு வாசல் அடிபம்பு, இன்னொருவருக்குத் தெருக்குழாய், மற்றொருவருக்கு லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும் தெருமுனைத் தொட்டி. ஒரே வீட்டில் அடிபம்பும் லாரித் தண்ணீரும் இருக்கும். அவர் எதை நினைத்துப் பதில் சொன்னார்? 'குடிநீர்' என்ற சொல்லும் இப்படியே. குழாயில் வருவதற்கு அரசு வைத்த பெயர் குடிநீர். ஆனால் வீட்டில் குடிப்பது கேன் தண்ணீராக இருக்கலாம்.

பதில் பெட்டிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். கேள்வி ஒற்றையாக இருந்து, "நன்றாக இருக்கிறது, அதனால் குடிக்கிறோம்" என்று விடை இரட்டையாக இருப்பதும் உண்டு.

4. 'அ'வைப் பிரித்து எழுதுவது

இனி திருத்தம். பிரிப்பது என்றால் கேள்வியை 'உம்'மில் வெட்டி இரண்டாக்குவது மட்டுமல்ல. "சுத்தமாக வருகிறதா?" என்று தனியாகக் கேட்டாலும், சுத்தம் என்றால் நிறமா, நாற்றமா, புழுவா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 'போதுமானது' என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். எதைப் பார்த்தோ மோந்தோ எண்ணியோ சொல்ல முடியுமோ அதைக் கேளுங்கள். காலத்தையும் கட்டிவிடுங்கள்.

"ஒரு வாரத்தில்" என்றால் சிலர் ஞாயிறிலிருந்து எண்ணுவார்கள், சிலர் சும்மா சமீபத்தில் என்று எடுத்துக்கொள்வார்கள். கிழமையைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. தாளில் கோடு விட்டு, அன்றன்று காலையில் கிழமையை நிரப்பிக்கொள்ளலாம். நீங்கள் புதன்கிழமை போகிறீர்கள் என்றால் இப்படி இருக்கும்:

அ1. வீட்டு வேலைக்குத் தண்ணி எங்கிருந்து எடுக்கிறீங்க? (வீட்டுக் குழாய் / அடிபம்பு / தெருக்குழாய் / லாரி அல்லது தெருத் தொட்டி / போர் / வேறு. சொல்வதையெல்லாம் டிக் செய்யவும்.)

அ2. அதுல அதிகமா எடுக்கறது எதுல? (ஒன்று மட்டும். இனி வரும் கேள்விகளில் 'அந்தத் தண்ணி' என்பது இதைத்தான்.)

அ3. போன புதன்கிழமையிலிருந்து நேத்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஏழு நாள்ல, அந்தத் தண்ணி எத்தனை நாள் வந்துச்சு?

அ4. அந்த ஏழு நாள்ல, வீட்டு வேலைக்குத் தண்ணி பத்தாம போன நாள் இருந்துச்சா, இல்லையா? இருந்தா, எத்தனை நாள்?

அ5. அந்தத் தண்ணியில நிறம் மாறி வந்த நாள் இருந்துச்சா, இல்லையா? இருந்தா, எத்தனை நாள்?

அ6. நாத்தம் அடிச்ச நாள் இருந்துச்சா, இல்லையா? இருந்தா, எத்தனை நாள்?

அ7. குடிக்கறதுக்கு எந்தத் தண்ணி எடுக்கிறீங்க?

ஒரு கேள்வி ஏழாகிவிட்டது. தாள் நீளுமே என்று பயம் வரும். நீளட்டும், ஆனால் வேறு இடத்தில் வெட்டுங்கள். என் அனுபவத்தில் வெட்டத் தகுந்தவை பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கும். சாதி, மதம், தாய்மொழி, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து அப்படியே நகலெடுத்த பகுதி அது. உங்கள் ஆய்வில் அந்தப் பதிலை வைத்துப் போடப்போகும் அட்டவணை எது என்று சொல்ல முடியாவிட்டால் கேள்வியை எடுத்துவிடுங்கள். தெருத்தண்ணீர் பற்றிக் கேட்க வந்துவிட்டு முதல் கேள்வியாகச் சாதி கேட்டால், அதற்குப் பிறகு வரும் பதில்கள் எல்லாமே சுருங்கிவிடும்.

ஒரு கேள்வியை இரட்டையாக விட்டுவைக்கலாமா? இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே உங்களுக்குப் போதும், எது என்பது முக்கியமில்லை என்றால் விடலாம். "வீட்டில் மோட்டார் அல்லது அடிபம்பு ஏதாவது இருக்கிறதா?" என்பது அப்படிப்பட்டது. அங்கேயும் 'ஏதாவது' என்ற சொல் இருக்க வேண்டும்.

5. வழிநடத்தும் கேள்வியில், அது கேட்காமலே சொல்லிவிடுவதை எண்ணுங்கள்

'ஆ'வை மறுபடி படியுங்கள்: கழிவுநீர் கலந்து வரும் குடிநீரால் உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது?

இது கேட்பது ஓர் எண்ணை மட்டும். ஆனால் கேட்கும் முன்பே நான்கு செய்திகளை உண்மை என்று வைத்துவிட்டது. தண்ணீரில் கழிவுநீர் கலக்கிறது. அந்தத் தண்ணீரை நீங்கள் குடிக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ வயிற்றுப்போக்கு வந்தது. வந்ததற்குக் காரணம் அந்தத் தண்ணீர். நான்கில் ஒன்றை மறுக்க வேண்டுமானால் பதில் சொல்பவர் உங்களோடு வாதாட வேண்டும். கையில் தாளோடு வாசலில் நிற்கும் படித்த பிள்ளையிடம் யாரும் அப்படி வாதாட மாட்டார்கள். "ரெண்டு பேர்னு போட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

இப்படிப்பட்ட அனுமானங்கள் பெயரெச்சத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 'கலந்து வரும் குடிநீர்', 'மோசமடைந்துள்ள விநியோகம்', 'தொடர்ந்து புறக்கணிக்கப்படும் பகுதி'. பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சொற்களை எடுத்துவிட்டுக் கேள்வி நிற்கிறதா பாருங்கள். நின்றால் அவை தேவையில்லாதவை. அவைதான் உங்கள் ஆய்வின் மையம் என்றால், அவற்றைத் தனிக் கேள்வியாக்க வேண்டும்.

கேள்வியின் கடைசியையும் பாருங்கள். 'தானே', 'அல்லவா', 'இல்லையா' என்று முடியும் கேள்வி தலையாட்டலைக் கேட்டு வாங்குகிறது. "பத்தவில்லை, இல்லையா?" என்பதும் "பத்தாம போன நாள் இருந்துச்சா, இல்லையா?" என்பதும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. முன்னதில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, பின்னதில் இரு பக்கமும் சமமாக இருக்கின்றன.

பக்கம் மாறினால் பதில் மாறுமா என்று சந்தேகம் இருந்தால், 1941-இல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப்பேச்சை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு சாராரிடமும், தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு சாராரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். செயல் ஒன்றுதான், வினைச்சொல் மட்டும் வேறு.

'ஆ'வைத் திருத்தினால் இப்படி வரும்:

ஆ1. போன ரெண்டு வாரத்துல உங்க வீட்ல யாருக்காவது வயித்தால போச்சா, இல்லையா?

ஆ2. (போனது என்றால்) எத்தனை பேருக்கு?

ஆ3. எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? (விடைகளைப் படித்துக்காட்டாதீர்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதவும். 'தெரியலை' என்றால் அதையும் எழுதவும்.)

இரண்டு வாரம் என்ற அளவை நானாகச் சொல்லவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் கடந்த இரண்டு வாரத்துக்குத்தான் கேட்கிறார்கள். அதே கால அளவை வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கான பதிலையாவது ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கும். வயதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். ஆ3-இல் வருவது மக்கள் நம்பும் காரணம். அது மதிப்புள்ள தகவல், ஆனால் தண்ணீரால்தான் நோய் வந்தது என்பதற்கு அது சான்றாகாது. 'ஆ'வைப் போன்ற கேள்வியை விட்டுவைத்தவர்கள் அறிக்கையில் "மாசடைந்த நீரால் பாதிக்கப்பட்டோர் 70 சதவீதம்" என்று எழுதுவார்கள். அந்தச் சதவீதத்தில் மக்கள் சொன்னது எவ்வளவு, கேள்வி சொல்லிக்கொடுத்தது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. வடசென்னை மக்களின் உண்மையான குறையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் இதில் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வழிநடத்திய கேள்வியால் வந்த எண்ணை அதிகாரி ஒருவர் ஒரே நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார். அதோடு சேர்ந்து குறையும் ஒதுங்கிவிடும்.

6. தாளின் தலைப்பும் கேள்வி வரிசையும்

ஒவ்வொரு கேள்வியையும் சுத்தம் செய்துவிட்டு, தாளின் மேலே கொட்டை எழுத்தில் "கழிவுநீர் கலந்த குடிநீரால் வடசென்னை மக்கள் படும் அவதி" என்று ப்ராஜெக்ட் தலைப்பைப் போட்டால் செய்த வேலை எல்லாம் வீண். ஒப்புதல் படிவத்திலும் அதே தலைப்பு இருக்கும், அதைப் படித்துக்காட்டித்தான் கையெழுத்து வாங்குவீர்கள். பொய் சொல்லவும் கூடாது. "வடசென்னை வீடுகளில் தண்ணீரும் உடல்நலமும்" என்று போடலாம். தலைப்பும் உண்மையாக இருக்கும், எந்தப் பக்கமும் சாயாது.

வரிசையில் 'ஆ' பகுதியை முதலில் வையுங்கள். நிறம், நாற்றம் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு "எதனால வந்துச்சு?" என்றால், தண்ணீர் என்ற பதிலை நீங்களே வாயில் போட்டதாகிவிடும். உடல்நலம் முன்னால், தண்ணீர் பின்னால்.

7. கேட்கப்போகிற தமிழிலேயே அச்சடியுங்கள்

மேலே திருத்திய கேள்விகள் பேச்சுத் தமிழில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கைடுகள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். ப்ராஜெக்ட்டுக்கு மரியாதை இல்லை என்பார்கள். ஆனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

"நீர் போதுமான அளவில் வருகிறதா?" என்று அச்சடித்தால் தெருவில் யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள். சர்வே எடுப்பவர் அந்த நொடியில் மனதில் மாற்றிச் சொல்வார். ஒருவர் "தண்ணி பத்துதாக்கா?" என்பார். இன்னொருவர் "தண்ணி நல்லா வருதுல்லக்கா?" என்பார். மூன்றாமவர் "தண்ணியே வர்றதில்லையாமே?" என்பார். தாளில் ஒரே கேள்வி, வாசலில் மூன்று கேள்வி. அதில் இரண்டு வழிநடத்துபவை. நாலைந்து பேர் சேர்ந்து சர்வே எடுத்தால் இதனால் வரும் வித்தியாசம், ஏரியாவுக்கு ஏரியா இருக்கும் வித்தியாசம்போலத் தெரியும்.

பேச்சு வடிவிலேயே அச்சடித்து, "எழுதியிருப்பதை அப்படியே படிக்கவும்" என்று குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். அக்கா, அம்மா, அண்ணா என்று கூப்பிடுவதை அவரவர் விருப்பத்துக்கு விடலாம், கேள்வியை விடக்கூடாது. புரியவில்லை என்றால் இரண்டாம் முறை அதையே படிக்க வேண்டும். கைடுக்காக எழுத்துத் தமிழ் வடிவத்தைப் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

8. வெள்ளோட்டம்: பதிலை விட்டு, பதிலுக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள்

அனுமதி வந்ததும் ஐந்து முதல் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எந்தத் தெருவில் சர்வே எடுக்கப்போகிறீர்களோ அதற்குப் பக்கத்துத் தெருவாக இருக்கட்டும்; இவர்களை இறுதி மாதிரியில் சேர்க்கக் கூடாது. வகுப்புத் தோழர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், அவர்களுக்கு உங்கள் மனதில் இருப்பது முன்பே தெரியும்.

அவர் பதில் சொன்ன பிறகு மெதுவாக இரண்டு விஷயம் கேளுங்கள்: "நான் கேட்டதை உங்க வார்த்தையில ஒருதடவை சொல்லுங்கக்கா." அப்புறம், "இதுக்குப் பதில் சொல்லும்போது எந்தத் தண்ணிய நினைச்சீங்க?" இதற்கு ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம்கூட ஆகும். ஒருவர் கேட்க, இன்னொருவர் குறிப்பெடுத்தால் நல்லது.

இரட்டைக் கேள்வி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் சொல் 'ஆனா'. "வருது, ஆனா..." என்று ஆரம்பித்தால், அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதுதான் நீங்கள் பிரிக்க மறந்த இரண்டாவது கேள்வி. "எதைச் சொல்ற?" என்று திருப்பிக் கேட்டாலும் அதே பழுதுதான்.

வழிநடத்தும் கேள்வி இப்படிக் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பதில் சுலபமாக வரும், அதுதான் ஆபத்து. நீங்கள் கேள்வியை முடிக்கும் முன்பே "ஆமா ஆமா" என்று வந்தால் சந்தேகப்படுங்கள். "கடைசியா எப்போ அப்படி நடந்துச்சு?" என்று கேளுங்கள். உண்மையாக நடந்திருந்தால் தீபாவளிக்கு முன்னாடி, மழை விட்டதும் என்று ஏதாவது நினைவு வரும். "எப்பவுமேதான்" என்று பொதுவாக வந்தால், கேள்வி தள்ளிய திசையில் பதில் போயிருக்கலாம். எத்தனை பேரிடம் இப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

9. செலவும் நேரமும்

வெள்ளோட்டம் முடியும் வரை மொத்தமாக ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். கடைக்குக் கடை பக்கத்துக்கு 1 ரூபாய், 2 ரூபாய் என்று மாறும். நான்கு பக்கத் தாளை 200 வீட்டுக்கு எடுத்தால் 800 பக்கம். 2 ரூபாய்க் கடையில் 1,600 ரூபாய். அதன் பிறகு ஒரு கேள்வியை மாற்றினால் அந்தப் பணம் போனதுதான். வெள்ளோட்டத்துக்குப் பத்துப் பிரதி போதும். பெண்கள் மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் பயணச் செலவு இல்லை. எல்லாரும் கல்லூரி அடையாள அட்டையையும் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகலையும் கையில் வைத்திருங்கள். தெருவில் யாராவது நிறுத்திக் கேட்பார்கள்.

தண்ணீர் வரும் நேரத்தில் தண்ணீர் சர்வேக்குப் போகாதீர்கள். குடத்தோடு நிற்பவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அதோடு அன்றைக்கு வந்த தண்ணீரையே ஏழு நாளுக்கும் சேர்த்துச் சொல்வார். தண்ணீர் வரும் நேரம் தெருவுக்குத் தெரு வேறு, முதல் நாளே டீக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். காசிமேடு பக்கம் என்றால் மீன் ஏலத்துக்காக விடியற்காலையிலேயே எழுந்தவர்கள் மதியம் படுத்திருப்பார்கள், அப்போது கதவைத் தட்டக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் தேதியை எழுதுங்கள். மே மாதத்து ஏழு நாளும் நவம்பர் மழையின் ஏழு நாளும் ஒன்றல்ல.

10. தரவு சேர்த்த பிறகு பழுது தெரிந்தால்

சில சமயம் எல்லா வீடும் முடிந்து அட்டவணை போடும்போதுதான் கண்ணில் படும். ஒரு கேள்விக்கு மட்டும் விடுபட்ட பதில்கள் அதிகமாக இருக்கும், அல்லது தாளின் ஓரத்தில் உங்கள் நண்பர்கள் "கலர் ஓகே, பத்தலை" என்று கிறுக்கி வைத்திருப்பார்கள். அந்த ஓரக்குறிப்புகளை வைத்துக்கொண்டு பதில்களை நீங்களே பிரித்துவிடாதீர்கள். குறிப்பு எழுதிய வீடுகளுக்கு மட்டும்தான் அது தெரியும். எழுதாத வீடுகள் எந்தப் பக்கம் என்று ஊகிக்கத்தான் முடியும்.

நேரம் இருந்தால் அந்த ஒரு கேள்வியைப் பிரித்து, திருத்த விண்ணப்பம் கொடுத்து, ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டுமாவது திரும்பப் போகலாம். அந்தப் பதில்களைப் பழையவற்றோடு கலக்காமல் தனி அட்டவணையாகக் காட்டுங்கள். நேரம் இல்லையென்றால் முடிவுரையிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, வரம்புகள் பகுதியில் கேள்வியை முழுச் சொற்களோடு எழுதி, ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். மற்ற எல்லா அட்டவணைக்கும் கீழே, கேட்ட கேள்வியை வாசலில் கேட்டபடியே அச்சிடுங்கள். வைவாவில் "இதை எப்படிக் கேட்டீங்க?" என்று கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.